மே மாத வெயிலில் கேக் மேல் கிரீம் நிற்க ஜெலட்டின் போதுமா?

வைகைக்கரை: மே மாதத்தில் மகளின் பிறந்தநாள். மதுரையில் ஏசி இல்லாத மண்டபம். கேக் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கும். பால் கிரீமில் பிழியும் பூக்கள் உருகாமலிருக்க என்ன சேர்க்கலாம்?

தேன்மொழி: ஒரு கப் கிரீமுக்கு ஒரு தேக்கரண்டி ஜெலட்டின் போதும். அதை ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, இளஞ்சூட்டில் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும், பாதி அடித்த கிரீமில் மெல்லிய தாரையாக ஊற்றியபடி தொடர்ந்து அடியுங்கள். எந்த வெயிலிலும் அசையாது.

அடுமனைக்காரர்: செய்முறை சரிதான், கடைசி வாக்கியத்தை ஏற்க முடியாது. அடித்த கிரீமில் காற்றுக் குமிழ்களைத் தாங்கி நிற்பது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கொழுப்புத் துகள்கள்தான். பால் கொழுப்பு அறை வெப்பத்திலேயே பெருமளவு இளகிவிடும். ஜெலட்டின் நீரைப் பிடித்து வைத்து அந்த அமைப்புக்குத் துணை நிற்கும் என்றாலும், 30 டிகிரியைத் தாண்டினால் அதுவும் இளகத் தொடங்கும். மதுரையின் மே மாதப் பிற்பகலோ பல நாட்களில் 38 டிகிரியைக் கடக்கிறது. முதலில் பூவின் கூர் விளிம்புகள் மழுங்கும். அடுத்துக் கேக்கின் அடியில் நீர் கசியும். அந்த மண்டபத்துக்குத் தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீமே ஏற்றது. உறைந்து வரும் அதை ஃபிரிட்ஜில் வைத்தே இளகவிட்டு, குளிர் குறையாமல் அடிக்க வேண்டும்.

சைவச்சமையல்: எங்கள் வீட்டில் ஜெலட்டினுக்கு இடமில்லை. கடற்பாசி அதிக வெப்பம் தாங்கும் என்பதால் அதைக் கரைத்து ஊற்றினேன். கிரீம் முழுவதும் திப்பித்திப்பியாகிவிட்டது.

அடுமனைக்காரர்: கடற்பாசிக் கரைசல் 40 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமைத் தொட்டவுடன், கலப்பதற்கு முன்பே அது கட்டியாகிறது. சைவத்துக்கும் தாவரக் கொழுப்புக் கிரீம் பொருந்தும். பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி: அந்தக் கிரீம் நாக்கில் மெழுகுபோல் படிகிறது, பாலின் மணம் துளியும் இல்லை. உருவம் நிற்பதற்காகச் சுவையை விட்டுக்கொடுக்க நான் உடன்படமாட்டேன். கேக்கை வெட்டும் நேரம் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் பால் கிரீமே போதாதா?

அடுமனைக்காரர்: வெட்டுவதற்குச் சற்று முன் எடுக்க முடிந்தால் உங்கள் வழியே மேல். அப்போதும் கொழுப்பு 35 சதவீதமாவது உள்ள கிரீமையே வாங்க வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் 25 சதவீதக் கிரீம் எவ்வளவு அடித்தாலும் பூ பிழியும் பதத்துக்கு வராது. கேக் இரண்டு மணி நேரமும் மேசையில் காட்சிக்கு இருந்தாக வேண்டும் என்றால், நடு அடுக்குகளில் ஜெலட்டின் சேர்த்த பால் கிரீமும், வெளிப்பூச்சுக்கும் பூக்களுக்கும் தாவரக் கொழுப்புக் கிரீமும் வைப்பேன்.

தேன்மொழி: குழந்தைகள் முதலில் வழித்துத் தின்பது அந்தப் பூக்களைத்தானே?

வைகைக்கரை: மண்டபத்தில் ஃபிரிட்ஜ் உண்டா என்று கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன்.