டைனமிக் ரெசல்யூஷன்: "நெகிழ் தெளிவுத்திறன்" சரிப்படுமா?

மண்டபத்திலிருந்து:
எங்கள் படகு கேமின் அமைப்புப் பக்கத்தைத் தமிழில் போடுகிறோம். டைனமிக் ரெசல்யூஷனுக்கு "இயங்கு தெளிவுத்திறன்" என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு ஒட்டவில்லை. "நெகிழ் தெளிவுத்திறன்" என்றும், மாறாமல் நிற்பதற்கு "நிலைத் தெளிவுத்திறன்" என்றும் வைக்கலாமா?

தொண்டியிலிருந்து:
"குறை தெளிவு" போதுமே. யூடியூபில் சிக்னல் போனால் 1080இலிருந்து 480க்கு இறங்குமே, அதுதானே? எங்கள் தெருவில் சாயங்காலமானால் தினமும் அந்தக் கதைதான்.

கீழக்கரையிலிருந்து:
இல்லை தம்பி, அது நெட் வேகத்தைப் பார்த்து இறங்குவது. இதற்கு நெட்டே வேண்டாம், ஜிபியு ஒரு ஃபிரேமை வரைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் கணக்கு. 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிசெகண்ட். பாம்பன் பாலத்துக் காட்சி அமைதியான கடலில் 12இல் முடிகிறது, மழையும் அலைத்தெறிப்பும் சேர்ந்ததும் 20 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமைத் திரையின் புதுப்பிப்போடு சேர்த்தே காட்டும் விசிங்க் போட்டிருந்தால், 16.7ஐத் தவறவிட்ட ஃபிரேம் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கும், 60 என்பது சட்டென்று 30 ஆகிவிடும். நிலைத் தெளிவுத்திறனில் அந்த மழைக்காகக் கேம் முழுவதையும் மங்கலாக்க வேண்டும்.

நெகிழ்வில் மழைக்கு மட்டும் இறங்கலாம். அந்த 20இல் நிழல் வரைவது போன்ற 3 மில்லிசெகண்ட் திரை அளவைப் பொறுத்ததல்ல. மீதி 17ஐ 12 ஆக்கினால் மொத்தம் 15, கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். அளந்த நேரம் முந்தைய ஃபிரேமினுடையது என்பதால் அந்த இடம் தேவை. புள்ளிகள் ஏறத்தாழ 70 சதவீதம் போதும், வர்க்கமூலம் எடுத்தால் அகலத்துக்கும் உயரத்துக்கும் 0.84. அதாவது 1920×1080க்குப் பதில் 1613×907இல் வரைந்து பெரிதாக்குவது. ஸ்கோர், எழுத்தெல்லாம் அதன்மேல் முழு அளவிலேயே வரும், அதனால் பலருக்குக் கண்ணிலேயே படாது.

ராமேஸ்வரத்திலிருந்து:
அப்படியானால் எந்த நெரிசலுக்கும் இது மருந்து. ஆனால் அண்ணே, என் கேமில் நிறையப் படகுகள் ஒன்றாக வந்தால் 40 ஃபிரேமுக்கு விழுகிறது, அளவை 0.5 வரை இறக்கியும் 40தான். இன்னும் கீழே விடணுமா?

கீழக்கரையிலிருந்து:
விடாதீர்கள். ஜிபியு நேரத்தைத் தனியாக அளந்து பாருங்கள். மொத்தம் 25 மில்லிசெகண்ட் ஆகி, ஜிபியுவுக்கு 8தான் என்றால் சிக்கல் சிபியுவில், ஒவ்வொரு படகுக்கும் வழி கண்டுபிடிப்பதில் இருக்கலாம். உங்கள் நிரல் மொத்த நேரத்தைப் பார்த்துத்தான் அளவைக் குறைக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியிருந்தால் படம் வீணாக மங்கும், வேகம் வராது.

மண்டபத்திலிருந்து:
எங்களுக்கு வேறு தொல்லை, பாறை விளிம்புகள் ஒரு நொடி கூர்மை, ஒரு நொடி மங்கல் என்று துடிக்கின்றன.

கீழக்கரையிலிருந்து:
இறங்கும்போது உடனே இறக்குங்கள், ஏறும்போது பல ஃபிரேம் தொடர்ந்து இடம் மிச்சமிருந்தால் மட்டும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். சொல்லைப் பொறுத்தவரை எனக்கு "தகவமை" பிடிக்கும், சுமைக்கு ஏற்ப மாறுவது அதில் தெரிகிறது.

தொண்டியிலிருந்து:
"தகவமை" என்றால் எங்கள் பையன்களுக்கு அகராதி வேண்டும். நெகிழே இருக்கட்டும்.

மண்டபத்திலிருந்து:
இப்போதைக்கு "நெகிழ்" என்று போட்டுவிடுகிறேன். அப்புறம், அளவு எதற்குக் கீழே போகக்கூடாது என்று வைக்கும் ஸ்லைடருக்கு "கீழ்வரம்பு" போதுமா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?