ரெண்டரிங் போட்டால் பத்து நிமிடத்தில் லேப்டாப் படுத்துவிடுகிறது: பேஸ்ட்டா, கூலிங் பேடா?

தறிவீட்டுப் பையன் (செல்லூர்):
கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். லேப்டாப் வாங்கி மூன்று வருடம், i7-9750H. எக்ஸ்போர்ட் போட்டால் முதல் பத்து நிமிடம் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அப்புறம் 1.9க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. சூடு 97 டிகிரி. மொத்தம் 1 மணி 50 நிமிடம் ஆகிறது. கடையில் சிப் மேல் இருக்கிற தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்கிறார்கள், நண்பன் கூலிங் பேட் வாங்கச் சொல்கிறான். எதைச் செய்ய? வைகாசி முகூர்த்த வேலை நான்கு கையில் இருக்கிறது.

மேலூர் பாண்டி:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், பேஸ்ட்தான். என் லேப்டாப்பும் இதே கதைதான். 96 டிகிரி போய்க்கொண்டிருந்தது, கழற்றிப் பார்த்தால் சிப் மேல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிர்ந்தது. புதுசு வைத்த அன்றே 82க்கு வந்துவிட்டது. கூலிங் பேட் என்பது வெறும் மேசை ஃபேன். உள்ளே இருக்கிற சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

திருமங்கலம் ஜெயந்தி:
சம்பந்தம் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். நான் அளந்து பார்த்திருக்கிறேன். ஒரே வீடியோ, ஒரே அறை, மூன்று முறை ஓட்டினேன். லேப்டாப் மேசையில் தட்டையாக இருந்தபோது 95. பேடின் மேல் வைத்து, பேட் ஃபேனைப் போடாமல் விட்டபோது 91. ஃபேனையும் போட்டபோது 90. அடியில் காற்றுப் போக இடம் கிடைத்ததே பெரிய லாபம், அந்த நான்கு டிகிரியில் என் மெஷின் வேகம் இறங்காமல் தப்பித்தது. பேஸ்ட்டை நான் தொடவே இல்லை.

உசிலை ராஜா:
எனக்கும் இதே பிரச்சினை. 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. சூடு 60தான் காட்டுகிறது. இதற்கும் பேஸ்ட் மாற்றலாமா?

கலைவாணி (திருநகர்):
ராஜா தம்பி, உங்களுடையது வேறு வியாதி. 60 டிகிரியில் சூட்டுக்காக எந்த சிப்பும் வேகத்தைக் குறைக்காது. சார்ஜர் மாற்றினீர்களா? 130 வாட் கேட்கிற மெஷினில் 65 வாட் சார்ஜர் போட்டால், போர்டே சிப்பைப் பிடித்து அடிமட்ட வேகத்தில் உட்கார வைத்துவிடும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், அல்லது சரியான வாட் சார்ஜரை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

செல்லூர் தம்பி, பேஸ்ட்டா பேடா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். 97 என்ற எண்ணை விட, அந்த 97க்கு எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதுதான் முக்கியம். HWiNFO போட்டு, இரண்டு விநாடிக்கு ஒருமுறை பதிவாகும்படி வைத்து ஒரு எக்ஸ்போர்ட் ஓட்டுங்கள். "Core Thermal Throttling" என்ற வரி எப்போது Yes ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் காற்று வெளிவரும் இடத்தில் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைப் பிடித்துப் பாருங்கள். கையையும் வைத்துப் பாருங்கள்.

மேலூர் பாண்டி:
அக்கா, எவ்வளவு நேரத்தில் போனால் என்ன, 97 என்றால் 97தானே?

கலைவாணி (திருநகர்):
இல்லை. உங்கள் லேப்டாப் வேலை கொடுத்த எத்தனை விநாடியில் 96 தொட்டது, ஞாபகம் இருக்கிறதா?

மேலூர் பாண்டி:
ஐந்தாறு விநாடி இருக்கும். போட்டவுடனே ஏறிவிடும்.

கலைவாணி (திருநகர்):
அதுதான் பேஸ்ட் கோளாறு. சூடு சிப்பை விட்டு இறங்கவே வழி இல்லை, அதனால் உடனே எகிறுகிறது. அப்போது ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் வெளியே வருகிற காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நீங்கள் செய்தது சரியான வைத்தியம். ஆனால் பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏறினால், சூடு சிப்பிலிருந்து செம்புக் குழாய் வழியாகத் தகட்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, தகட்டிலிருந்து காற்றில் கலக்கத்தான் முடியவில்லை. குழாயும் தகடும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து நிரம்ப அந்தப் பத்து நிமிடம். அங்கே எவ்வளவு உயர்ந்த பேஸ்ட் வைத்தாலும் தகட்டின் அடைப்பு போகாது.

தறிவீட்டுப் பையன் (செல்லூர்):
ஓட்டிப் பார்த்துவிட்டேன் அக்கா. அறை 34 டிகிரி. முதல் நிமிடத்தில் 83, இரண்டாவது நிமிடத்தில் 87, எட்டாவது நிமிடத்தில் 95. பதினோராவது நிமிடத்தில் Yes வந்தது, வேகமும் அப்போதே இறங்கியது. டிஷ்யூ லேசாக ஆடியதே தவிர விலகவில்லை. ஆனால் கை வைக்க முடியாத சூடு. ஃபேன் சத்தம் மட்டும் பலமாக இருக்கிறது.

கலைவாணி (திருநகர்):
சூடு பலம், காற்று இல்லை. தகட்டில் அடைப்பு. வீட்டில் தறி ஓடுகிறதா?

தறிவீட்டுப் பையன் (செல்லூர்):
ஆமாம் அக்கா, கைத்தறி, பக்கத்து அறையில்தான்.

கலைவாணி (திருநகர்):
அப்படியானால் சாதாரணத் தூசி இல்லை, நூல் பிசிறு. ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ப்ளோயர் அடித்தாலும் வராது. வெளியிலிருந்து அடித்தால் பிசிறு ஃபேனுக்குள்ளேயே திரும்பி விழும், ஃபேனும் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும்.

ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, அடி மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். உங்கள் மாடலில் ஃபேன் தனியாகக் கழலுமா என்று பாருங்கள். பல மாடலில் மூன்று ஸ்க்ரூதான், செம்புத் தகட்டைத் தொட வேண்டியதே இல்லை. ஃபேனை எடுத்ததும் அந்தப் பிசிறுத் துண்டை ட்வீஸரால் ஒரு ஓரத்தில் பிடித்து உரியுங்கள், மிச்சத்தைப் பழைய பெயிண்ட் பிரஷால் தட்டுங்கள். பேஸ்ட்டை இப்போது தொடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

திருமங்கலம் ஜெயந்தி:
அதுவரைக்கும் பேட் வாங்கி வைத்துக்கொள்ளலாமே? வேலை நிற்கக் கூடாது இல்லையா?

கலைவாணி (திருநகர்):
ஜெயந்தி, உங்கள் கணக்கில் தப்பில்லை. உங்கள் தகடு சுத்தமாக இருந்தது, அடியில் காற்று நுழைய வழிதான் இல்லை. இவருக்கு வெளியேறும் வழி அடைத்திருக்கிறது. மடை அடைத்த வாய்க்காலில் மேலே இன்னும் தண்ணீர் விட்டு என்ன ஆகப் போகிறது? அதோடு, தறி வீட்டில் பேட் ஃபேன் தரையோரப் பிசிறை எல்லாம் உள்ளே ஊதிவிடும். இரண்டு கட்டை வைத்து உயர்த்தினால் போதும்.

திருமங்கலம் ஜெயந்தி:
அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேட் ஃபேனுக்கு மேல் மெல்லிய நைலான் வலை ஒட்டி வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை கழுவுகிறேன். பிசிறு வலையோடு நின்றுவிடுகிறது.

கலைவாணி (திருநகர்):
வாராவாரம் கழுவுகிற வரைக்கும் சரி. கழுவாமல் விட்டால் அதுவே இன்னொரு அடைப்பு. தம்பி, முகூர்த்த வேலை நிற்காமல் இருக்க, திறக்கும் வரைக்கும் இதை அட்மின் கமாண்ட் விண்டோவில் போடுங்கள்:

```
powercfg -setacvalueindex SCHEME_CURRENT SUB_PROCESSOR PROCTHROTTLEMAX 99
powercfg -setactive SCHEME_CURRENT
```

டர்போ நின்றுவிடும், 2.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும். முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தெரியும். ஆனால் 1.9க்கு விழாமல் கடைசி வரை 2.6 நின்றால் மொத்த நேரம் குறைய வேண்டும். பின்னால் 99ஐ 100 ஆக்கினால் பழையபடி ஆகிவிடும்.

மேலூர் பாண்டி:
வேகத்தைக் குறைத்தால் சீக்கிரம் முடியுமா? நம்ப முடியவில்லை.

தறிவீட்டுப் பையன் (செல்லூர்):
பாண்டி அண்ணே, முடிந்தது. அதே வீடியோ 1 மணி 26 நிமிடம். சூடு 93ல் நின்றது.

தறிவீட்டுப் பையன் (செல்லூர்), மூன்று நாள் கழித்து:
நேற்றுத் திறந்தேன். ஃபேன் தனியாகவே கழன்றது. அக்கா சொன்ன மாதிரியே, தகட்டின் முழு நீளத்துக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. நடுவில் நீலமும் அரக்குமாக அப்பா போன மாதம் நெய்த சேலையின் நூல் நிறம் அப்படியே தெரிந்தது. உரித்தபோது முழுசாக ஒரே பட்டையாக வந்தது. தீப்பெட்டி தடிமன் இருக்கும். தகட்டின் இடுக்கு வழியாக மறுபக்க வெளிச்சம் அப்போதுதான் தெரிந்தது.

100க்கு மாற்றி ஓட்டினேன். 91ல் நின்றது, 3.1 கிகாஹெர்ட்ஸ், Yes வரவே இல்லை. 1 மணி 12 நிமிடம். டிஷ்யூ இப்போது கையை விட்டுப் பறக்கிறது. ஒரு சந்தேகம். ஆறு கோரில் ஒன்று 80, இன்னொன்று 91. இந்த வித்தியாசம் சரியா?

மேலூர் பாண்டி:
பார்த்தீர்களா அக்கா? அதுதான் பேஸ்ட். ஒரு பக்கம் காய்ந்துவிட்டது. இப்போதே மாற்று தம்பி, இன்னும் ஐந்தாறு டிகிரி குறையும்.

கலைவாணி (திருநகர்):
இருக்கலாம் பாண்டி. ஐந்தாறு டிகிரி வித்தியாசம் பல மெஷினிலும் இருக்கும், நடு கோர்களைச் சுற்றி மற்ற கோர்கள் இருப்பதால் அவை பொதுவாகக் கூடுதலாகச் சுடும். 11 கொஞ்சம் அதிகம்தான். பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கலாம், சிப் மேல் உட்காரும் செம்புத் தகடு வாங்கும்போதே சரிவாக இருந்திருக்கலாம். திறக்காமல் சொல்ல முடியாது.

ஆனால் வேலை நெருக்கடியில் திறக்காதீர்கள். போன வருடம் ஒரு மெஷின் என் மேசைக்கு வந்தது. வேறு இடத்தில் பேஸ்ட் மாற்றியிருந்தார்கள். மெமரி சிப் மேலிருந்த 1 மி.மீ. தெர்மல் பேட் கிழிந்ததால் கையில் இருந்த 1.5 மி.மீ. தெர்மல் பேடை வைத்திருந்தார்கள். அந்த அரை மில்லிமீட்டரில் செம்புத் தகடு மெயின் சிப் மேல் சரியாக உட்காரவில்லை. ஆன் செய்த மூன்றாவது விநாடி 100. பாண்டி, நீங்கள் மாற்றி எத்தனை மாதம் ஆகிறது?

மேலூர் பாண்டி:
ஒன்பது மாதம். இப்போது 88, 89 வருகிறது. வெயில் காலம் இல்லையா.

கலைவாணி (திருநகர்):
வெயில் மூன்று நான்கு டிகிரி கூட்டும். மிச்சம் பேஸ்ட் நகர்ந்திருக்கலாம். லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, சூடாகி ஆறி சூடாகி ஆறி, இளகின பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். அடுத்த முறை கெட்டியான பேஸ்ட் வையுங்கள், அல்லது PTM7950 என்ற தாள் வகை வையுங்கள். அது சூட்டில் இளகிப் படியும், ஒதுங்குவது குறைவு.

மேலூர் பாண்டி:
நான் அப்போதும் வெயில் என்றுதான் சொல்வேன். ஆவணியில் அளந்து இங்கே போடுகிறேன்.

உசிலை ராஜா:
அக்கா, பக்கத்து வீட்டு சார்ஜர் போட்டேன், வேகம் ஏறிவிட்டது. என்னுடையது கடையில் வாங்கிய 65 வாட்.

தறிவீட்டுப் பையன் (செல்லூர்):
வைகாசி முடியட்டும், அப்புறம் பேஸ்ட்டைத் திறக்கிறேன். அதுவரைக்கும் லேப்டாப்பை மாடி அறைக்கு மாற்றிவிட்டேன்.