திட்டாமல் எழுதினால் யாராவது பிளாஸ்டிக்கைக் குறைப்பார்களா?

தேன்சிட்டு:
எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்காக, வீட்டு பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றி ஒரு கேரசல் பதிவு எழுதுகிறேன். 64 வீடுகள், அம்பத்தூர் பக்கம். மொத்தம் பத்து ஸ்லைடு. முதல் ஸ்லைடு: "தினமும் எவ்வளவு பிளாஸ்டிக்கை வீசுகிறோம் தெரியுமா? நாம் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்கிறோம்." இரண்டாவதில் மூக்கில் ஸ்ட்ரா சிக்கிய ஆமை. அப்புறம் மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, கண்ணாடி ஜாடி, துணிப்பை என்று எட்டு மாற்றுகள். அம்மா படித்துவிட்டு, "திட்டுற மாதிரி இருக்கும்மா" என்றார். திட்டாமல் எழுதினால் யாராவது மாறுவார்களா?

கடற்கரைவாசி:
ஆமையை எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை பொறுக்கப் போகிறவன் நான். மணலைக் கையால் சலித்தால் ஷாம்பு சாஷே, டீ கப், பால் பாக்கெட்டின் வெட்டின மூலை எல்லாம் வரும். மக்களுக்கு உறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி வீசுகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஏழாவது தெருவில் இன்றும் மெல்லிய கவரில்தான் தக்காளி தருகிறார்கள். இனிமையாகச் சொல்லி என்ன நடந்தது?

எழுத்துக்காரி:
சிட்டு, நான் இதை வேலையாகவே செய்கிறேன். ஆமைக்கு முன்னால் உங்கள் முதல் ஸ்லைடின் இரண்டாவது வாக்கியத்தை அடியுங்கள். "நாம் எல்லோரும் செய்கிறோம்" என்பதுதான் இந்தப் பதிவிலேயே ஆபத்தான வரி.

அமெரிக்காவில் அரிசோனாவில் மரங்கள் கல்லாகிப் போன ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் துண்டுகளைப் பொறுக்கிப் போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் குழுவினரும் அங்கே இரண்டு விதப் பலகை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில், "முன்பு வந்த பலரும் எடுத்துப் போனதால் பூங்கா மாறிவிட்டது" என்றிருந்தது. இன்னொன்றில், எடுக்க வேண்டாம் என்று நேராகக் கேட்டிருந்தார்கள். பாதையில் அடையாளம் போட்டு வைத்த துண்டுகளில் முதல் பலகை இருந்தபோது கிட்டத்தட்ட 8 சதவீதம் காணாமல் போனது. இரண்டாவது பலகைக்கு 2 சதவீதம்கூட இல்லை. பலரும் எடுக்கிறார்கள் என்று படித்தவர், அப்படியானால் நானும் எடுக்கலாம் என்று புரிந்துகொண்டார்.

கடற்கரைவாசி:
அக்கா, நீங்கள் சொன்னது என் பக்கம்தான் பேசுகிறது. "எடுக்காதே" என்று கண்டிப்பாகச் சொன்ன பலகைதானே ஜெயித்தது?

எழுத்துக்காரி:
அதை ஒப்புக்கொள்கிறேன். கண்டிப்பு வேலை செய்யும். ஆனால் அந்தப் பலகை ஒரே ஒரு செயலைச் சொன்னது: கல்லை எடுக்காதே. எடுக்காமல் இருப்பதற்கு யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. ஆமைப் படத்தைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்வார்? அவர் வீட்டில் ஸ்ட்ராவே இல்லை. மனம் கனத்துப் போய் அடுத்த பதிவுக்குத் தள்ளிவிடுவார்.

இன்னொன்று. முதல் ஸ்லைடை மட்டும் பார்த்துவிட்டுப் பதிவைத் தாண்டிப் போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்து மறுபடி காட்டுவதுண்டு. உங்களுடைய இரண்டாவது வாய்ப்பு அந்த ஸ்லைடு. அங்கே வீட்டில் செய்யக்கூடிய ஒரு செயல் இருக்க வேண்டும்.

கீழ்வீட்டு ராதா:
நான் பத்து வருஷமாக ஒரு பிளாஸ்டிக் பையும் வாங்குவதில்லை. ஜவுளிக்கடையில் தருகிற துணிப்பையைத்தான் எல்லாவற்றுக்கும் கொண்டு போகிறேன். எல்லோரும் அப்படிச் செய்தாலே போதுமே. இதற்கு எதற்குப் பத்து ஸ்லைடு?

பழைய பேப்பர்:
அம்மா, அந்தப் பையை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் துணி. நூலே இல்லாமல், சின்னச் சின்னப் புள்ளியாக அழுத்தி ஒட்டின மாதிரி இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். ஓரத்தில் ஒரு இழையைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டினால் உருகி மணியாகத் திரளும். பருத்தி சாம்பலாகும். வெயிலில் கொஞ்ச நாள் கிடந்தால் அந்தப் பை கையோடு பொடிப்பொடியாக வரும். எங்கள் கடைக்கு அப்படித்தான் வருகிறது. 2019 தடைப் பட்டியலில் இந்த வகைப் பையும் உண்டு.

கீழ்வீட்டு ராதா:
இப்போதுதான் பார்த்தேன் தம்பி. புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பழைய பேப்பர்:
கஷ்டப்படாதீர்கள் அம்மா. கையில் இருப்பதைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் துணிப்பை வாங்கினால் நஷ்டம்தான். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நிறையத் தண்ணீரும் மின்சாரமும் போகிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் போட்ட கணக்கில், ஒரே முறை பயன்படுத்தி வீசுகிற மெல்லிய கவரோடு பருவநிலைப் பாதிப்பில் சமமாக வர, ஒரு பருத்திப் பையை 131 முறை எடுத்துப் போக வேண்டும். வாரம் இரண்டு தடவை என்றாலும் ஒன்றேகால் வருஷம்.

சிட்டு அக்காவுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் அப்பா பழைய இரும்பு, பேப்பர் கடை வைத்திருக்கிறார். உங்கள் எட்டு மாற்றுகளில் மூங்கில் பிரஷும் ஸ்ட்ராவும் எந்த வீட்டு மூட்டையிலும் கனமாக இருந்து நான் பார்த்ததில்லை. முதலில் உங்கள் வீட்டில் ஒரு வாரம் எதையும் வீசாமல் சேர்த்து வையுங்கள். அப்புறம் எழுதலாம்.

தேன்சிட்டு (எட்டு நாள் கழித்து):
சேர்த்தேன். நாங்கள் நான்கு பேர். ஹாலில் தினத்தாளை விரித்துக் கொட்டி எண்ணினோம்.

பால் பாக்கெட் 14. பிஸ்கட், சிப்ஸ், சாஷே எல்லாம் சேர்த்து 17. குப்பைக் கூடையில் போடுகிற கருப்புப் பை 7. பருப்பு, ரவை, உளுந்துப் பாக்கெட் 6. காய்கறிக் கவர் 5. இட்லி மாவுக் கவர் 3. ஒரு எண்ணெய் பாக்கெட். மாத்திரை அட்டை இரண்டு. பிரஷ் ஒன்றுகூட இல்லை, ஸ்ட்ரா இல்லை. பிளாஸ்டிக் டப்பாவும் இல்லை, ஏனென்றால் டப்பாக்களை நாங்கள் வீசுவதே இல்லை.

எட்டு மாற்றில் துணிப்பை ஒன்றுதான் இந்தக் குவியலைத் தொடுகிறது. அதுவும் ஐந்து கவருக்கு. வெட்கமாக இல்லை, ஆச்சரியமாக இருந்தது.

எழுத்துக்காரி:
இதுதான் உங்கள் முதல் ஸ்லைடு. "ஒரு வாரம் எதையும் வீசாமல் சேர்த்தோம். 55 உருப்படி. அதில் மூன்று வகையை மாற்றினோம்." உங்கள் தினத்தாளும் குவியலுமே படம். பார்க்கிறவருக்குத் தன் வீட்டுக் குவியல் நினைவுக்கு வரும், குறை சொன்ன மாதிரியும் இருக்காது.

மூன்றுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்லைடு கொடுங்கள்: எப்படிச் செய்தோம், எங்கே சொதப்பியது. சொதப்பியதைச் சொன்னால்தான் அடுத்தவர் முதல் நாளே கைவிடாமல் இருப்பார்.

பழைய பேப்பர்:
எந்த மூன்று என்றால் என் கருத்து இது. கருப்புப் பை 7 முழுதாக மறையும். ஈரக்குப்பை வாளியில் தினத்தாள் விரித்தால் போதும். காய்த்தோலும் சாதமும் போடுவதற்கு முன் சிங்க் வடிகட்டியில் நீரை வடிக்க வேண்டும். குழம்போடு கொட்டினால் தாள் கிழிந்து வாளி நாறும். மூன்றாம் நாளே எல்லோரும் பைக்குத் திரும்புவது இந்த ஒரு காரணத்தால்தான்.

பால் பாக்கெட்டுக்கு அடுக்குமாடியில் எளிதான மாற்று கிடையாது, இருப்பதாக எழுதாதீர்கள். ஆனால் அது ஒரே வகை பாலித்தீன், கடையில் எடை போட்டு வாங்குவோம். மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல், ஓரமாகக் கீறித் தொங்கவிட்டே ஊற்றச் சொல்லுங்கள். கடற்கரைவாசி அண்ணன் மணலில் பொறுக்குவது அந்த முக்கோணத்தைத்தான். நகம் அளவு துண்டு எந்தத் தரம் பிரிக்கிற இடத்திலும் கையில் நிற்காது. காலிப் பாக்கெட்டில் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, செடிக்கு ஊற்றிவிட்டுக் கொடியில் கவிழ்த்துத் தொங்கவிட வேண்டும். பால் வாடை அடித்தால் நாங்களே ஒதுக்கிவிடுவோம்.

பிஸ்கட், சிப்ஸ் உறை 17-க்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளே வெள்ளி மாதிரி பளபளப்பது பல அடுக்கு ஒட்டினது, பிரிக்க முடியாது. நாங்கள் வாங்குவதில்லை.

கடற்கரைவாசி:
அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. குவியலில் பெரிய பங்கு அந்த 17. அதை விட்டுவிட்டு வாளியில் தினத்தாள் விரி என்று எழுதினால், தயாரிக்கிறவன் நிம்மதியாகத் தூங்குவான். 1971-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில், குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடும் பூர்வகுடி மனிதர் விளம்பரம் ஓடியது. போட்ட அமைப்புக்குப் பின்னால் குளிர்பான, பேக்கேஜிங் கம்பெனிகள் இருந்தன. பழி குடிமகன் தலையில் விழுந்தது.

எழுத்துக்காரி:
தம்பி, அந்த விளம்பரம் குற்ற உணர்ச்சியை வைத்துத்தான் அதைச் சாதித்தது. கண்ணீர்தான் அதன் ஆயுதம். ஆமையும் அதே வேலையைத்தான் செய்யும்.

கடற்கரைவாசி:
யோசிக்க வைக்கிறீர்கள். ஆனாலும் 17-ஐ மறைக்கக் கூடாது என்பதில் மாற மாட்டேன்.

தேன்சிட்டு:
மறைக்கவில்லை. எட்டாவது ஸ்லைடு: "இந்த 17-க்கு எங்களிடம் வழி இல்லை. இதைத் திரும்ப எடுக்க வேண்டியவர் தயாரிப்பாளர்." சாஷேவை மட்டும் திட்ட மாட்டேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா தினக்கூலியில் முழு ஷாம்பு பாட்டில் எப்படி வாங்குவார்? இதே பதிவை அவரும் பார்ப்பார்.

கீழ்வீட்டு ராதா:
மூன்றாவது மாற்றாக மாவைப் போடு கண்ணு. நான் கடைக்குத் தூக்குவாளி கொண்டு போனேன், ஒரு கிலோ கேட்டேன். வாளியோடு எடை போட்டுவிட்டார்கள். வீட்டில் வந்து பார்த்தால் மாவு முக்கால் கிலோதான். மறுபடி கவரிலேயே வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

தேன்சிட்டு:
அம்மா, இதுதான் எனக்கு வேண்டிய "எங்கே சொதப்பியது" ஸ்லைடு. காலி வாளியைத் தராசில் வைத்ததும், "பூஜ்யம் பண்ணுங்கண்ணா" என்று சொல்ல வேண்டும், முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு ஊற்றச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடுகிறேன்.

பழைய பேப்பர்:
முள் இல்லை அக்கா, எண். எலக்ட்ரானிக் தராசில் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கும். பழைய தட்டுத் தராசு என்றால் எதிர்த் தட்டில் அதே கனத்துக்கு ஏதாவது வைக்கச் சொல்லுங்கள். நிறைய மாவுக் கடையில் கூட்ட நேரத்தில் இதைச் செய்ய மாட்டார்கள். காலை பதினொரு மணிக்கு மேல் போகச் சொல்லிப் போடுங்கள்.

தேன்சிட்டு:
சரி, சேர்த்துவிட்டேன். ஆமையை எடுத்துவிட்டேன். இரண்டாவது ஸ்லைடில் இப்போது வாளியும் தினத்தாளும். எண்ணெய் பாக்கெட்டைக் கழுவிக் கொடுத்தால் கடையில் எடுப்பீர்களா தம்பி?

பழைய பேப்பர்:
எங்கள் கடையில் எடுப்பதில்லை. பிசுக்குப் போகாது. வேறு கடையில் கேட்டுப் பாருங்கள், கேட்காமல் ஸ்லைடில் போட வேண்டாம்.