ஷாண்டலியர் கோடு இறங்கியது, நானும் ஸ்டாப்பை இறக்கினேன்: தவறு எங்கே?

பனியன் கணக்கர், திருப்பூர்

வணக்கம். பகலில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். திரை முன்னால் உட்கார நேரமில்லை. அதனால் இரவில் ஸ்டாப் விலையைக் கணக்கிட்டு, மறுநாளுக்கு ஆர்டரை மாற்றி வைப்பது வழக்கம்.

ஒரு நூற்பாலைப் பங்கை 412-க்கு 300 வாங்கினேன். இரண்டு மாதம் நன்றாக ஏறி 486 தொட்டது. 22 நாள் உச்சத்திலிருந்து, சராசரி தினசரி வீச்சான ஏடிஆரின் 3 மடங்கைக் கழிக்கும் ஷாண்டலியர் எக்சிட்டை வைத்துத் தொடர்ந்தேன். உச்சம் 486, ஏடிஆர் 9, ஆகவே ஸ்டாப் 459. அன்றைய முடிவு விலை 478.

பிறகு மூன்று நாள் ஆட்டம். முதல் நாள் 484-க்கும் 464-க்கும் நடுவே ஓடி 470-இல் முடிந்தது. அடுத்த நாள் 482-இலிருந்து 460 வரை, முடிவு 466. மூன்றாம் நாள் 480-இலிருந்து 456 வரை, முடிவு 458. ஒவ்வொரு இரவும் கோடு இறங்கியது: 457.5, 455.8, 453.9. கோடு சொன்னபடி நானும் ஆர்டரை இறக்கினேன். நான்காம் நாள் காலை 446-இல் திறந்தது, அங்கேயே விற்றேன்.

அந்த நாட்களில் 20 நாள் ஈஎம்ஏ 464-க்குப் பக்கத்தில் நின்றது. அதைப் பிடித்திருந்தால் 464-க்கே வெளியே வந்திருப்பேன் அல்லவா? ஷாண்டலியரை விட்டுவிட்டு மூவிங் ஆவரேஜுக்கு மாறிவிடலாமா?

மேட்டுப்பாளையம் ரோடு

மாறிவிடுங்கள் சார். நான் நான்கு வருடமாக 20 நாள் ஆவரேஜ்தான். முடிவு விலை கோட்டுக்கு மேலே இருக்கும்வரை அந்தக் கோடு ஒருநாளும் இறங்காது. ஷாண்டலியரைப் போல நம் காலை வாராது. எளிமையானதும்கூட. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

மஞ்சள் மண்டி, ஈரோடு

எனக்கும் இதே கோளாறு நடந்தது, ஆனால் மஞ்சள் ஃபியூச்சர்ஸில். வீட்டில் விரலி மூட்டை இருக்கும்போதே என்சிடெக்ஸில் வாங்கியும் வைத்திருந்தேன் (அது தனிப் பைத்தியக்காரத்தனம், விடுங்கள்). பழைய மாதக் காண்டிராக்ட் முடிந்து அடுத்த மாதத்துக்கு மாறிய அன்று கோடு ஒரே நாளில் எங்கோ தாவிவிட்டது. பிறகுதான் புரிந்தது: 22 நாள் உச்சம் என்று வரைபடம் எடுத்துக்கொண்டது பழைய காண்டிராக்டின் உச்சம். நான் வைத்திருந்ததோ புதியது. இரண்டுக்கும் விலையே வேறு. உங்களுடையதும் காண்டிராக்ட் மாறியதால் வந்ததா என்று பாருங்கள்.

ஆழியாறு

மண்டிக்காரர் சொல்வது உண்மையான கோளாறுதான், ஆனால் தம்பி வைத்திருந்தது பங்கு. அதற்கு மாதக் காண்டிராக்ட் கிடையாது.

தம்பி, உங்கள் கணக்கில் பிழையில்லை. உச்சம் 486-லேயே நின்றது. மூன்று நாளும் வீச்சு 20, 22, 24 ரூபாய். அதனால் ஏடிஆர் 9-இலிருந்து 9.5, 10.07, 10.7 என்று உயர்ந்தது. மூன்று மடங்காகக் கழிக்கும்போது கோடு இறங்கத்தானே செய்யும்? ஷாண்டலியர் என்றால் சரவிளக்கு, அது உத்தரத்திலிருந்து தொங்குகிறது. உத்தரம் அசையவில்லை, சங்கிலி நீண்டுவிட்டது. விலை புரளும் நாளில்தான் சங்கிலி நீளும், அதாவது பாதுகாப்பு வேண்டிய அதே நாளில். 486 தொட்ட நாள் 22 நாள் கணக்கை விட்டு வெளியே போனாலும் கோடு சரியும். அப்போது உத்தரமே இறங்குகிறது.

கோடு என்பது ஒரு கணக்கு, ஸ்டாப் என்பது உங்கள் முடிவு. வாங்கியவருக்கு ஸ்டாப் ஏறலாம் அல்லது நிற்கலாம். எக்செல் தாளில் எழுதுகிறவராக இருந்தால் இப்படி வையுங்கள். C உயர்விலை, G ஏடிஆர், H ஸ்டாப். இது H24-க்கு:

```
=MAX(H23, MAX(C3:C24)-3*G24)
```

பங்கை வாங்கிய நாளின் வரிசையில் மட்டும் `H23` பகுதி வேண்டாம். இல்லையென்றால் பழைய வியாபாரத்தின் ஸ்டாப் ஒட்டிக்கொண்டு வரும். இப்படி வைத்திருந்தால் 459 அங்கேயே நின்றிருக்கும். மூன்றாம் நாள் 456 வரை இறங்கியபோது விற்றிருக்கும். 446-க்கும் 459-க்கும் வித்தியாசம் 13 ரூபாய், 300 பங்குக்கு 3,900. மூவிங் ஆவரேஜ் இல்லாததால் போன பணம் அல்ல இது, ஸ்டாப்பை இறக்கியதால் போனது.

பனியன் கணக்கர், திருப்பூர்

நன்றி அண்ணா. சங்கிலி நீண்டது என்று சொன்னதும் விளங்கிவிட்டது. ஆனால் ஈஎம்ஏ 464 என்பது 459-ஐவிட மேல்தானே? அது இன்னும் நல்லதில்லையா?

ஆழியாறு

ஆர்டரைக் கோட்டின் மேலேயே வைத்திருந்தால், ஆமாம், இரண்டாம் நாள் 460 வரை இறங்கியபோது 464-க்கு அருகில் விற்றிருக்கும். ஆனால் ஆவரேஜ் வைப்பவர்களில் பெரும்பாலோர் முடிவு விலையைத்தான் பார்ப்பார்கள். உங்கள் முடிவு விலைகளையே எடுங்கள்: 470 மேலே, 466 மேலே, 458 கீழே. மூன்றாம் நாள் மாலைதான் சமிக்ஞை வருகிறது. விற்பது மறுநாள் காலை, 446-இல். நீங்கள் விற்ற அதே விலை. ஒன்றைப் பகல் விலையிலும் மற்றொன்றை முடிவு விலையிலும் வைத்து ஒப்பிட்டால் விடை எப்போதும் கோணலாகத்தான் வரும்.

மேட்டுப்பாளையம் நண்பர் சொன்னது ஈஎம்ஏவுக்குப் பொருந்தும். முடிவு விலை மேலே இருந்தால் அது ஏறியே தீரும். சாதாரண ஆவரேஜுக்கு அது பொருந்தாது. 20 நாளுக்கு முந்தைய பெரிய விலை கழியும்போது, இன்றைய விலை கோட்டுக்கு மேல் இருந்தாலும் கோடு இறங்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பங்கு 478-இல் பத்து நாள் சும்மா இளைப்பாறுகிறது, தினசரி வீச்சு 6 ரூபாய்தான் என்று வையுங்கள். ஈஎம்ஏ 464-இலிருந்து 473-க்கு வந்துவிடும். ஒரே நாளின் சாதாரண அசைவு போதும், வெளியே தள்ளிவிடும். ஷாண்டலியர் அப்போது ஏறத்தாழ 462-இல்தான் இருக்கும். ஆவரேஜின் இடைவெளி ஏற்றத்தின் வேகத்தைப் பொறுத்தது, ஓட்டம் நின்றதும் அது விலையை ஒட்டிக்கொள்ளும். ஷாண்டலியரின் இடைவெளி விலை எவ்வளவு புரள்கிறது என்பதைப் பொறுத்தது.

மேட்டுப்பாளையம் ரோடு

ஈஎம்ஏ என்று நான் எழுதியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து நாள் அசையாத பங்கில் நான் ஏன் பணத்தை முடக்க வேண்டும்? வெளியே தள்ளினால் தள்ளட்டும். அதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

ஆழியாறு

அது உங்கள் வியாபாரத்துக்குச் சரி. தம்பிக்கு இரண்டு மாத ஏற்றம் வேண்டும் என்றால், ஒவ்வொரு இளைப்பாறலிலும் விற்றுவிட்டு மேல்விலையில் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். தரகும் வரியும் அவருடையவை.

ஸ்டாப்பை இறக்கவே கூடாது என்பதிலும் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை. புரளும் சந்தையில் இறுக்கிப் பிடித்தால் அடிமட்டத்தில் விற்க நேரும் என்பார்கள். இதை உருவாக்கிய சக் லெபோ, பங்கு கையில் இருக்கும் காலத்தின் உச்சத்திலிருந்து ஸ்டாப்பைத் தொங்கவிட்டார். அப்படி வைத்தால் உத்தரம் இறங்குவது நிற்கும், சங்கிலி நீள்வது நிற்காது.

மஞ்சள் மண்டி, ஈரோடு

காலையில் கீழே திறக்கும் பங்குக்கு எந்தக் கோடும் உதவாது என்பதையும் யாராவது சொல்லுங்கள். ஜிடிடி-யில் விற்பனை விலையை 453 என்று கட்டி வைத்தால், 446-இல் திறக்கும்போது ஆர்டர் தொங்கிக்கொண்டே இருக்கும்.

பனியன் கணக்கர், திருப்பூர்

அதுவேதான் நடந்தது அண்ணா. ஆர்டர் 453-இல் தொங்கியது, பாலிபேக் கட்டுக்கு நடுவே நின்றுகொண்டு கைபேசியில் விற்றேன். முதல் பதிவில் அதை எழுத வெட்கமாக இருந்தது.

கடந்த வருடத்தின் 14 வியாபாரங்களையும் அந்த சூத்திரத்தில் போட்டுப் பார்க்கிறேன். பகல் விலைக்கு ஒரு தாள், முடிவு விலைக்கு ஒரு தாள். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: 3 மடங்கு என்பதை 2.5 ஆக்கினால் அந்த மூன்று நாளில் முதல் நாளே விற்றிருக்கும் போலிருக்கிறதே?

ஆழியாறு

486-இலிருந்து 22.5 போனால் 463.5. முதல் நாள் தாழ்விலை 464. அரை ரூபாயில் தப்பித்து இரண்டாம் நாள் போயிருக்கும். ஒரு பங்கை வைத்து மடங்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள், 14-ஐயும் போட்டுவிட்டு வாருங்கள்.