"எப்போதாவது" என்றால் எத்தனை நாள்?

விடியல் ஓட்டம்:
ஒருவரோடு பழகத் தொடங்கிய இரண்டாவது சந்திப்பில் "குடிப்பீர்களா?" என்று கேட்டேன். "எப்போதாவது" என்றார். நானும் அப்படித்தான் என்பதால் அத்தோடு விட்டுவிட்டேன். என் கணக்கில் எப்போதாவது என்பது வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு கோப்பை ஒயின். அவர் கணக்கில் அது ஒவ்வொரு சனிக்கிழமையும் நண்பர்களோடு நான்கு கோப்பை. இருவருமே பொய் சொல்லவில்லை.

இது தெரிய வந்தது மூன்றாவது சந்திப்பில். அன்று கேள்வி எதுவும் கேட்காமல் என் வாரத்தை முதலில் சொன்னேன்: காலை 5 மணிக்கு எழுந்து ஓடுவது, இரவு ஒன்பதரைக்கே கண் சொருகிவிடுவது, ஞாயிறு நீண்ட ஓட்டம் என்பதால் சனி இரவு எங்கும் போகாதது. பிறகு "உங்களுக்குப் போன வாரம் எப்படிப் போனது?" என்றேன். மேசையில் இருந்த காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டே, "சனிக்கிழமை வீடு திரும்ப இரண்டு மணி ஆகிவிட்டது" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார். "எப்படித் திரும்பினீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டாக்ஸியில் வந்தாராம். எனக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது அதுதான். அதன்பின் மிச்சத்தை அவரே சொன்னார். அப்போது என் புருவம் உயர்ந்திருந்தால் அவர் பேச்சை மாற்றியிருப்பாராம், பின்னொரு நாள் சொன்னார்.

உங்களுக்கு இந்தப் பேச்சு எப்படி வந்தது?

பழைய ஆலோசகர்:
குடிநோய் ஆலோசனையில் பல வருடங்கள் இருந்தவன். "குடிப்பீர்களா" என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை, எப்போதாவது என்ற மூன்று பதில்தான் வரும். மூன்றிலும் தகவல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதன் முதல் மூன்று கேள்விகள் எவ்வளவு அடிக்கடி, குடிக்கும் நாளில் எத்தனை, ஒரே அமர்வில் ஆறோ அதற்கு மேலோ போவது எவ்வளவு அடிக்கடி என்பவை. பழகும் ஒருவரிடம் அந்தப் பட்டியலை நீட்ட வேண்டாம், அது விசாரணையாகிவிடும். ஆனால் நீங்கள் கேட்ட "போன வாரம்" இதே வேலையைச் செய்கிறது. நடந்ததைச் சொல்வது எளிது. தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுதான் கடினம். ஒரே ஒரு குறை, போன வாரம் வழக்கமான வாரமாக இல்லாமல் போகலாம். "எப்போதும் இப்படித்தானா?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஒழுங்கு முக்கியம்:
குடியை விடுங்கள், இரண்டு மணிக்குப் படுப்பது வெறும் சோம்பல். 21 நாள் விடியலில் எழுந்தால் யாருக்கும் பழகிவிடும். நான் மாறினேன்.

இரவுப் பறவை:
உங்களுக்குப் பழகியது, மகிழ்ச்சி. 21 நாள் என்பது எல்லாருக்கும் பொருந்தும் கணக்கு இல்லை. தூக்கம் வரும் நேரத்தில் பிறவிக்கும் வயதுக்கும் பங்கு உண்டு. காலை வெளிச்சமும், விடுமுறையிலும் மாறாத எழும் நேரமும் கொஞ்சம் முன்னே இழுக்கும், உண்மைதான். என்னால் ஒரு மணி நேரம்தான் நகர முடிந்தது. முன்பு பழகிய ஒருவரிடம் "நானும் சீக்கிரம் எழுபவன்" என்று சொல்லி, நான்கு மாதம் அரைத் தூக்கத்தில் அவரோடு உடற்பயிற்சிக்கூடம் போனேன். ஒரு நாள் பயிற்சிக்கு நடுவே, "உனக்கு இது பிடிக்கவே இல்லையா?" என்று கேட்டார். நான் தாமதமாகத் தூங்குவதை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த நான்கு மாதப் பொய்யைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

மௌனம்:
என் கணவர் தினமும் குடிக்கிறார். எப்படிப் பேசி நிறுத்த வைப்பது?

பழைய ஆலோசகர்:
அம்மா, இங்கே பேசுவது புதிதாகப் பழகுகிறவர்களைப் பற்றி. உங்கள் நிலைமை வேறு. ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். மருத்துவரைப் பார்த்த பிறகே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றவற்றைத் தனியாக எழுதுங்கள், பதில் தருகிறேன்.

விடியல் ஓட்டம்:
இரவுப் பறவை எழுதியதைப் படித்ததும் பயம் வந்தது. அவரும் எனக்காக நடிக்கத் தொடங்கிவிடுவாரோ என்று. நேற்றே கேட்டேன். ஓட வரமாட்டேன், சனிக்கிழமையையும் விடமாட்டேன் என்றார். வார நாள்களில் மாலை 7 முதல் 9 வரை இருவருமே விழித்திருக்கிறோம், அது எங்களுடையது. ஞாயிறு நான் ஓடி முடித்து வரும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். சேர்ந்து வாழ நேர்ந்தால் சனி இரவு இரண்டு மணிக்குக் கதவு திறக்கும் சத்தத்தில் நான் விழித்துக்கொள்வேனே, அதற்கு மட்டும் இருவருக்கும் பதில் கிடைக்கவில்லை.