ஏழாவது பிரிவு: நடுவில் எண்ணை யார் மாற்றலாம்?

குழு: அறக்கட்டளை – நம் குடும்பம்

கயல் (மாலை 6:40): பட்ஜெட் கொள்கை வரைவில் முதல் ஆறு பிரிவுகளை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். திட்டப் பொறுப்பாளர் முன்மொழிவார், பொருளாளர் எல்லாவற்றையும் சேர்த்துத் தருவார், அறங்காவலர் கூட்டம் அனுமதிக்கும். இதில் யாருக்கும் மறுப்பில்லை. எனக்கு உறுத்துவது 7ஆவது பிரிவு. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "அனுமதித்த பட்ஜெட்டுக்குள், தேவைப்பட்டால் தலைவரும் பொருளாளரும் கலந்துபேசித் தொகைகளை மாற்றிக்கொள்ளலாம்." இது போதுமா?

பெரியப்பா: போதும் அம்மா. கூட்டம் ஒருமுறை அனுமதித்துவிட்டால் அப்புறம் அதற்குள் எங்கே செலவழித்தால் என்ன? மொத்தம் தாண்டக்கூடாது, அவ்வளவுதானே.

அத்தை: அண்ணா, மொத்தம் தாண்டக்கூடாது என்பது சரி. ஆனால் கூட்டம் மொத்தத்துக்கு மட்டும் கை தூக்கவில்லை. மருத்துவத்துக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு என்று தலைப்பு தலைப்பாகப் பார்த்துத்தான் அனுமதித்தது. அந்தப் பிரிப்பை இரண்டு பேர் மாற்றலாம் என்றால் கூட்டம் கூடியதற்கே அர்த்தம் இல்லை. கயல், "தேவைப்பட்டால்" என்ற சொல்லை எடுத்துவிடு. எவ்வளவு, எத்தனை முறை, யாரைக் கேட்டு, யாருக்குத் தெரிவித்து என்று நான்கு கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

மாமா: செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். எதற்கு இத்தனை பிரிவு?

கயல்: மாமா, அது பணம் வெளியே போகும்போது. நான் கேட்பது அதற்கு முன்னால், பட்ஜெட்டில் உள்ள எண்ணையே யார் மாற்றலாம் என்று.

மாமா: நீ சொல்வதும் சரிதான், கையெழுத்து மட்டும் போதாது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். அங்கேயும் இரண்டு கையெழுத்துதான். ஒரே பழுதுவேலை நான்கு பில்லாக வந்தது. ஒவ்வொன்றும் கமிட்டியைக் கேட்க வேண்டிய வரம்புக்குக் கொஞ்சம் கீழே. கையெழுத்துப் போட்ட இருவரும் தவறாக நினைத்துச் செய்யவில்லை, ஒவ்வொரு பில்லும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது. ஆண்டு முடிவில்தான் கூட்டிப் பார்த்தோம்.

அத்தை: நீங்கள் சொன்னதுதான் இங்கேயும் நடக்கும். பில்லைப் பிரிக்கலாம் என்றால் மாற்றத்தையும் பிரிக்கலாம். சித்ரா, போன ஆண்டு எட்டாவது மாதக் கணக்கு இருக்கிறதா? அதை வைத்தே பேசலாம்.

சித்தி: இருக்கிறது அண்ணி. மொத்த பட்ஜெட்டை 1,000 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், அப்போதுதான் எல்லாருக்கும் புரியும். மருத்துவ உதவிக்கு அனுமதித்தது 400. நான்காவது மாதம் நிர்வாகத் தலைப்பிலிருந்து 20 மாற்றியதால் 420 ஆனது. எட்டாவது மாதம் முடியும்போது செலவு 330. ஆகவே 90 மீதம் என்று அருணுக்குச் சொன்னேன்.

அருண்: அந்த 90-ஐ நம்பித்தான் 50 கேட்ட ஒரு அறுவைச் சிகிச்சைக்குச் சரி சொன்னேன். அப்புறம் பணம் இல்லை என்றார்கள். அந்தக் குடும்பத்திடம் நான்தான் போய்ப் பேச வேண்டியிருந்தது.

சித்தி: 70-க்கு நாம் ஏற்கனவே மருத்துவமனைகளுக்கு உறுதிக் கடிதம் கொடுத்திருந்தோம், பில் வரவில்லை. என் புத்தகத்தில் பணம் போனால்தான் செலவு. அது என் தவறு, அருண். உண்மையில் மீதம் 20தான்.

அத்தை: உன் தவறு மட்டும் இல்லை. மீதம் என்றால் என்ன என்று நாம் எங்கேயும் எழுதவே இல்லை. அனுமதித்ததில் நடுவில் மாற்றியதைக் கூட்டியோ குறைத்தோ, அதிலிருந்து செலவானதைக் கழித்து, வாக்குக் கொடுத்ததையும் கழித்தால் வருவதுதான் மீதம். கடிதம் கையெழுத்தான அன்றே அந்தத் தொகை கணக்கில் ஏற வேண்டும். கயல், 7-க்கு முன்னால் இந்த ஒரு வரி வரட்டும். இது இல்லாமல் வரம்பு எத்தனை போட்டாலும் பயனில்லை.

கயல்: சேர்க்கிறேன் அத்தை. அப்போது அருணுக்கு 30 குறைந்தது. அதைக் கல்வியிலிருந்து எடுத்தோம், இல்லையா?

பெரியப்பா: நான்தான் எடுக்கச் சொன்னேன். கல்வியில் 300 அனுமதி, செலவு 130. 170 சும்மா கிடந்தது. ஒரு உயிர் விஷயம் என்று வரும்போது நான் யோசிக்கவில்லை.

மலர்: பெரியப்பா, சும்மா கிடக்கவில்லை. அதில் 120 ஒரு நன்கொடையாளர் புத்தகத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த பணம். மீதி 50-ல் 20-ஐக் கட்டணமாகக் கட்டுவதாக இரண்டு பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு உண்மையாக மிஞ்சியது 30. அந்த 30-உம் மருத்துவத்துக்குப் போனது எனக்குப் பத்தாவது மாதம்தான் தெரியும். கல்விப் பொறுப்பாளர் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பெரியப்பா: அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது அம்மா. கேட்டிருக்க வேண்டும்.

அத்தை: நல்லவேளை, 30-உடன் நின்றது. 40 எடுத்திருந்தால், பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற 10 புத்தகப் பணத்திலிருந்து போயிருக்கும். குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணத்தைத் தலைவரும் மாற்ற முடியாது, கூட்டமும் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கொடுத்தவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பட்ஜெட் தாளிலேயே அதைத் தனி வரியாகக் காட்டிவிடுங்கள். கல்வி 300 என்று ஒரே எண்ணாக இருந்தால் அடுத்த தலைவருக்கும் 170 சும்மா கிடப்பதாகத்தான் தெரியும்.

அருண்: எல்லாம் சரி அத்தை. ஆனால் ஒவ்வொரு 30-க்கும் கூட்டம் கூட்டினால் நான் வேலை செய்யவே முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறோம்.

அத்தை: ஒவ்வொன்றுக்கும் வேண்டாம். சின்ன மாற்றத்தைப் பொருளாளரே செய்யட்டும், 10 சதவீதம் வரை.

மாமா: எதில் 10 சதவீதம்? கொடுக்கிற தலைப்பிலா, வாங்குகிற தலைப்பிலா?

அத்தை: நல்ல கேள்வி. இரண்டிலும் பார்க்க வேண்டும், எது குறைவோ அதுதான் வரம்பு. இந்த மாற்றத்தில் கல்வியில் 30, மருத்துவத்தில் 40. அந்தச் சதவீதத்தை ஆண்டுத் தொடக்கத்தில் கூட்டம் அனுமதித்த தொகையில்தான் போட வேண்டும், மாற்றிய தொகையில் அல்ல. இல்லாவிட்டால் 400 முதல் முறை 440, அடுத்தது 484, மூன்றாவது முறை 532. கூட்டம் ஒருமுறைகூடக் கூடாமல் 132 ஏறியிருக்கும். மாமா சொன்ன நான்கு பில் கதை இதுதான்.

கயல்: அதாவது ஆண்டு முழுவதும் எல்லா மாற்றங்களையும் கூட்டியே 10 சதவீதம். அப்படியானால் போன ஆண்டு நான்காவது மாதம் 20, எட்டாவது மாதம் 30, மருத்துவத்துக்கு மொத்தம் 50. வரம்பு 40. இரண்டாவது மாற்றம் கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டும்.

அத்தை: அதேதான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வரம்புக்குள், சேர்த்தால் இல்லை.

சித்தி: 10 எனக்கு அதிகமாகப் படுகிறது அண்ணி. 5 போதும். நான் தனியாக முடிவெடுத்துவிட்டு நாளை பதில் சொல்ல வேண்டியவள்.

அருண்: 5 என்றால் மருத்துவத்துக்கு 20தான். ஒரு மருந்து பில்லுக்கே போதாது.

கயல்: இதைக் கூட்டத்தில் முடிவு செய்யலாம். வரைவில் இரண்டையும் குறித்து வைக்கிறேன். இப்போது அவசரத்துக்கு வருவோம். கூட்டம் வரை காத்திருக்க முடியாத நோயாளிக்கு என்ன செய்வது?

பெரியப்பா: அதற்குத் தலைவர் இருக்கிறார் அல்லவா?

அத்தை: தலைவர் இருக்கட்டும் அண்ணா, தனியாக வேண்டாம். கேட்டவரைத் தவிர இரண்டு அறங்காவலர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவசரம் என்றால் காத்திருந்தால் உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் என்பது மட்டும். நாள் மறந்துபோனது, கடைசி நாளில் நினைவு வந்தது, இதெல்லாம் அவசரம் இல்லை. ஏழு நாளுக்குள் எல்லா அறங்காவலருக்கும் அறிக்கை போக வேண்டும்.

மாமா: நோயாளி அந்த இருவரில் ஒருவருக்குச் சொந்தக்காரர் என்றால்?

அத்தை: அவர் அதில் கையெழுத்துப் போடக்கூடாது. நம் அறக்கட்டளையில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு, அதனால் இதை நேராகவே எழுதிவிடுவோம்.

மலர்: மருத்துவ உதவி கேட்டு நம் வீட்டாரே வந்தால்?

அத்தை: நம் பத்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல மாட்டேன். அது பட்ஜெட் கொள்கையில் தீரும் விஷயம் இல்லை.

கயல்: இதுவரை பேசியதை வைத்து 7-ஐத் திருத்தியிருக்கிறேன். படித்துப் பாருங்கள்:

"பொருளாளர், கொடுக்கும் தலைப்பின் பொறுப்பாளரும் வாங்கும் தலைப்பின் பொறுப்பாளரும் எழுத்தில் சம்மதித்த பின், திட்டத் தலைப்புகளுக்கு இடையே தொகையை மாற்றலாம். ஆண்டு முழுவதற்கும் ஒரு தலைப்பில் கூடியதும் குறைந்ததும் ஆண்டுத் தொடக்கத்தில் அனுமதித்த தொகையில் (5 / 10) சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அறங்காவலர் கூட்டத்தின் அனுமதி வேண்டும். நோக்கம் குறித்து வந்த நன்கொடை, சேமிப்பு நிதி இரண்டையும் பொருளாளர் தொடக்கூடாது. திட்டத் தலைப்பிலிருந்து நிர்வாகத் தலைப்புக்கு எந்தத் தொகையும் கூட்டத்தின் அனுமதியின்றிப் போகக்கூடாது."

மாமா: கடைசி வரி நன்றாக இருக்கிறது. நிர்வாகச் செலவு இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

சித்தி: ஆனால் நிர்வாகத்திலிருந்து திட்டத்துக்கு வருவது? போன ஆண்டு அந்த 20 அப்படித்தான் வந்தது.

அத்தை: அது நல்லதுதான், ஆனால் வரம்பு அதற்கும் பொருந்தட்டும். "திட்டத் தலைப்புகளுக்கு இடையே" என்று எழுதியதால் அது வெளியே நிற்கிறது. திருத்து கயல்.

கயல்: திருத்திவிட்டேன். அவசரத்தை 7அ என்று தனியாகப் பிரித்திருக்கிறேன்.

அருண்: ஒன்று கேட்கிறேன். அவசரத்தில் இருவர் சம்மதித்து நான் செலவழித்துவிட்டேன். அடுத்த கூட்டம் அதை ஏற்கவில்லை என்றால்? பணம் மருத்துவமனைக்குப் போய்விட்டது. யார் கட்டுவது?

பெரியப்பா: யாரும் கட்ட வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்ததற்கு உன் கையிலிருந்து கேட்பார்களா?

அத்தை: விதிப்படி நடந்து, காகிதமும் சரியாக இருந்தால் கேட்கக்கூடாது என்பதுதான் என் எண்ணமும். ஆனால் விதியை மீறி நடந்திருந்தால்? அங்கே எனக்கு நிச்சயமான பதில் இல்லை, அண்ணா. வக்கீலிடம் கேட்காமல் அதை எழுத வேண்டாம்.

கயல்: 7அ-வின் கடைசி வரியை வெற்றாக விட்டிருக்கிறேன். வக்கீல் சொன்ன பிறகு நிரப்புவோம். சித்தி, வாக்குக் கொடுத்த தொகைக்கு உங்கள் கணக்குத் தாளில் தனிப் பத்தி எப்போது வரும்?

சித்தி: இன்று இரவே சேர்க்கிறேன். மலர், அருண், இருவரும் இதுவரை கொடுத்த கடிதங்களின் நகலை எனக்கு அனுப்புங்கள். தேதி தெளிவாகத் தெரிய வேண்டும்.

அருண்: என்னிடம் 11 இருக்கிறது சித்தி. ஒன்றில் தேதியே போடவில்லை.