பட்டமளிப்பு விழாக் கடிதம்: எங்கே தவறு? உடனே உதவுங்கள்

மலர்_தமிழ்த்துறை:
வணக்கம். எங்கள் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுக்கு விருந்தினரை அழைக்கும் கடிதத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. தமிழ்த்துறை என்றால் கடிதமெல்லாம் நாங்கள்தானாம். அனுப்பி ஒன்பது நாளாகிவிட்டது. நேற்று அவருடைய அலுவலகத்திலிருந்து அழைத்து, "என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள், தேதியையும் ஒருமுறை பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். தேதி எங்கள் ஆட்சிக்குழு முடிவு செய்தது, மாற்ற முடியாது. கடிதத்தில் என்ன குறை? நாளை காலைக்குள் முதல்வரிடம் கொடுக்க வேண்டும்.

தென்கரை_ராசா:
கடிதத்தைக் காட்டாமல் குறையை எப்படிச் சொல்வது? விருந்தினர் யார், அமைச்சரா, நீதிபதியா, பேராசிரியரா? கல்லூரி தன்னாட்சியா, இணைவுபெற்றதா? எத்தனை பேர் பட்டம் பெறுகிறார்கள்?

பழைய_கோப்பு:
இதே கேள்வி இங்கே நூறு முறை வந்துவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. போகட்டும். முதலில் "சிறப்பு விருந்தினர்" என்று எழுதியிருந்தால் அடியுங்கள். "முதன்மை விருந்தினர்" என்பதே சரி.

கமலா_டீச்சர்:
நாங்கள் ஆண்டு விழாவுக்குக் கெட்டி அட்டையில் பொன்னிற ஓரம் வைத்து அச்சடித்தோம், பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அதேபோல் செய்யுங்கள். விளையாட்டு விழாவுக்குக் கடித மாதிரி யாரிடமாவது இருக்கிறதா?

தென்கரை_ராசா:
டீச்சர், அட்டை கடைசியில் வருவது. அவர் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பெயரை அச்சுக்கு அனுப்ப வேண்டும். இவர் கேட்பது அதற்கு முந்தைய கடிதம்.

மலர்_தமிழ்த்துறை:
மன்னிக்கவும். விருந்தினர் பெங்களூரில் ஒரு மத்திய அரசு ஆய்வகத்தின் இயக்குநர். இணைவுபெற்ற கல்லூரி, 640 மாணவர்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

> "எம் கல்லூரியின் பட்டமளிப்பு விழா வரும் 15-03-2026, சனிக்கிழமையன்று சீரும் சிறப்புமாக நடைபெறவுள்ளது. தாங்கள் தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி, விழாவிற்கு வருகை தந்து, பட்டங்களை வழங்கி, விழாவைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் வேண்டுகிறோம்."

சட்டம்_சேகர்:
இந்தக் கடிதமே செல்லாது. பட்டம் வழங்கும் உரிமை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே உண்டு. இணைவுபெற்ற கல்லூரி பட்டமளிப்பு விழா நடத்துவதே சட்டவிரோதம்.

ஓய்வு_கண்காணிப்பாளர்:
சேகர் அவர்கள் சொல்வதில் முதல் பாதி சரி. பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம். கல்லூரி மேடையில் அந்தச் சான்றிதழைக் கையில் கொடுக்கிறார்கள். அதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை, ஊரெல்லாம் நடப்பதுதான். ஆனால் "பட்டங்களை வழங்கி" என்பதை "பட்டச் சான்றிதழ்களை வழங்கி" என்று மாற்றிவிடுங்கள்.

அம்மா, கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் இதே வேலைதான் பார்த்தேன். அவர்கள் வேறு தேதி கேட்கவில்லை. நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள்: 2026 மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை 14ஆம் தேதி. எந்த நாளைக் குறித்து வைப்பது என்று தெரியாமல் உதவியாளர் தவித்திருப்பார். உங்களிடம் பட்டென்று சொல்லவும் கூச்சப்பட்டிருப்பார்.

தென்கரை_ராசா:
அட! மூன்று முறை படித்தும் என் கண்ணில் படவில்லை.

பழைய_கோப்பு:
நான் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தேன். முக்கியமானது விளிச்சொல். "மாண்புமிகு" என்று போட்டிருக்கிறாரா?

சட்டம்_சேகர்:
ஆய்வக இயக்குநருக்கு "மாண்புமிகு" எதற்கு? அது அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரியது. முனைவர் என்று போட்டால் போதும்.

பழைய_கோப்பு:
மரியாதை கூடினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டம்_சேகர்:
கோபிக்க மாட்டார்கள், சிரிப்பார்கள். குடியரசுத் தலைவர் மாளிகையே 2012இல் பழைய பாணி அடைமொழிகளைக் குறைத்துக்கொண்டது. நாம் கூட்டிக்கொண்டே போகிறோம்.

ஓய்வு_கண்காணிப்பாளர்:
அடைமொழிச் சண்டை நாளைக்கும் இருக்கும். அம்மாவுக்குக் காலையில் கடிதம் வேண்டும். அவர்களின் முதல் கேள்வி, என்ன செய்ய வேண்டும் என்பது. "சிறப்பித்துத் தருமாறு" என்றால் அவர் என்ன புரிந்துகொள்வார்? பேச வேண்டுமா, எவ்வளவு நேரம், தலைமை வகிப்பது அவரா வேறொருவரா? 640 பேருக்கும் அவரே கொடுப்பதாகக் கணக்குப் போடுங்கள். பெயர் வாசித்து, கொடுத்து, புகைப்படம் எடுக்க ஆளுக்கு எட்டு விநாடி என்றாலும் 85 நிமிடம் நிற்க வேண்டும். ஒருமுறை எங்கள் விருந்தினர் பாதியில் நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டார். பாவம், எழுபது வயது. அதை நாங்கள் முன்னரே எழுதியிருக்க வேண்டும்.

இப்படி எழுதிப் பாருங்கள். எண்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

> "எங்கள் கல்லூரியின் பட்டமளிப்பு விழா 14-03-2026, சனிக்கிழமை காலை 10.30 மணிக்குக் கல்லூரிக் கலையரங்கில், கல்லூரிச் செயலர் தலைமையில் நடைபெறுகிறது. தாங்கள் முதன்மை விருந்தினராக வந்து, ஏறத்தாழ 20 நிமிடம் பட்டமளிப்பு உரை நிகழ்த்தி, தரவரிசையில் இடம்பெற்ற 38 பேருக்குப் பட்டச் சான்றிதழ் வழங்க வேண்டுகிறோம். ஏனையோருக்குத் துறைத்தலைவர்கள் வழங்குவார்கள். விழா பகல் 1 மணிக்கு நிறைவடையும்.
>
> தங்கள் விமானப் பயணமும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு. முந்தைய நாள் மாலை மதுரை விமான நிலையத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் காருடன் காத்திருப்பார். விழா அங்கி தைக்கத் தங்கள் உயரத்தையும், அழைப்பிதழில் இடத் தங்கள் பெயரும் பதவியும் அச்சாக வேண்டிய வடிவத்தையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். பிப்ரவரி 10ஆம் தேதிக்குள் தங்கள் இசைவை எதிர்பார்க்கிறோம்."

பேராசிரியரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கீழே போடுங்கள். கல்லூரித் தொலைபேசி எண்ணை மட்டும் போட்டால் இரவு எட்டு மணிக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். உணவு விருப்பத்தைக் கடிதத்தில் கேட்க வேண்டாம், இசைவு வந்த பிறகு உதவியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தென்கரை_ராசா:
ஐயா, ஒரு சந்தேகம். கையொப்பம் முதல்வர் இடுவதா, செயலர் இடுவதா? எங்கள் கல்லூரியில் இதற்காகவே ஒரு கடிதம் நான்கு நாள் மேசையில் கிடந்தது.

ஓய்வு_கண்காணிப்பாளர்:
நான் இருந்த இடத்தில் முதல்வர். சில இடங்களில் செயலர் விட்டுக்கொடுக்க மாட்டார். அது அவரவர் ஊர் அரசியல், என்னிடம் விடை கிடையாது.

பழைய_கோப்பு:
"கலையரங்கு" வேறு, "உள்ளரங்கு" வேறு என்பதையும் கவனிக்க வேண்டும்.

மலர்_தமிழ்த்துறை (ஆறு நாள் கழித்து):
நாள் 14தான், தட்டச்சில் நான் செய்த பிழை. திருத்தி அனுப்பிய மறுநாளே இசைவு வந்துவிட்டது. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், உரை 15 நிமிடம் போதும் என்றிருக்கிறார். "பொன்னான நேரத்தை" மட்டும் முதல்வர் மறுபடி சேர்த்துவிட்டார். கண்காணிப்பாளர் ஐயாவுக்கு நன்றி. அங்கி தைக்கக் கொடுக்கப் போகிறேன்.

கமலா_டீச்சர்:
விளையாட்டு விழாக் கடிதத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.